வரைகலை அட்டையின் நினைவக அளவும் பாட்டை அகலமும்: ஒசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதி வரைவுக்கூடங்களின் தேவையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வரைகலை அட்டையை வாங்குவோரும் விற்போரும் அதன் நினைவக அளவையே திறனுக்கு அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் உள்ளது. இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நினைவகம் ஒன்றாகவும் கடத்துவீதம் வேறாகவும் அமைந்த ஓர் அட்டை இணை, கடத்துவீதம் ஒன்றாகவும் நினைவகம் வேறாகவும் அமைந்த மற்றோர் அட்டை இணை ஆகிய இரண்டும் இங்கே ஒப்பிடப்படுகின்றன. ஒசூர் சார்ந்த அச்சுவார்ப்பு வரைவுப் பணிக்குரிய ஒரு கணக்கும் செய்து காட்டப்படுகிறது. நினைவக அளவு என்பது ஒரு வரம்பு. அது வேகம் அன்று என்பதே இக்கட்டுரை எட்டும் முடிவு.

முதன்மைச் சொற்கள்: வரைகலை அட்டை, நினைவகப் பாட்டை, கடத்துவீதம், கணினிவழி வரைவு, ஒசூர்.

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கு விளிம்பில், கர்நாடக எல்லையை ஒட்டி ஒசூர் அமைந்துள்ளது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் ஆகிய பெருநிறுவனங்களின் ஆலைகள் இந்நகரைத் தொழில்நகராக்கின. அவற்றைச் சுற்றிச் சிப்காட், சிட்கோ வளாகங்களில் அச்சு, பிடிகருவி, வார்ப்பு, கடைசல் ஆகிய வேலைகளைச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பெருகின. இன்று இக்கூடங்களின் வேலை பட்டறையில் தொடங்குவதில்லை. கணினித் திரையில் தொடங்குகிறது. வாடிக்கையாளர் தரும் முப்பரிமாண வரைவைத் திறந்து, சுழற்றி, வெட்டுமுகம் பார்த்து, அதற்கேற்ற அச்சினை வரைந்த பின்னரே எஃகு எந்திரத்தில் ஏறுகிறது.

இப்பணிக்கான கணினி உதிரிகள் உள்ளூர்க் கடைகளில் மட்டுமன்றி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் எஸ்.பி. சாலைச் சந்தையிலும் வாங்கப்படுகின்றன. விலைப்புள்ளியில் வரைகலை அட்டைக்கு எதிரே பெரும்பாலும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும்: "2 ஜிபி", "4 ஜிபி", "8 ஜிபி". எண் பெரிதாயின் அட்டை விரைவாக இயங்கும் என்ற எண்ணம் அதில் உறைந்திருக்கிறது. அவ்வெண்ணத்தை ஒரு கருதுகோளாக எடுத்துக்கொண்டு, அது எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்ளளவும் கடத்துவீதமும்

வரைகலை அட்டையில் இரு முதன்மை உறுப்புகள் உள்ளன. ஒன்று கணக்கிடும் செயலி. மற்றொன்று அச்செயலி எடுத்தாளும் தரவுகளை வைத்திருக்கும் நினைவகம். வரைவின் முக்கோணங்கள், மேற்பரப்பின் நிறங்கள், திரைக்குச் செல்லவிருக்கும் படம் ஆகிய அனைத்தும் நினைவகத்தில் இருக்கும். செயலி அவற்றை எடுத்து, கணக்கிட்டு, விளைவை மீண்டும் நினைவகத்தில் எழுதுகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் கம்பித் தடங்களின் தொகுதியே நினைவகப் பாட்டை. கடைவழக்கில் இது "மெமரி பஸ்" எனப்படும். தடங்களின் எண்ணிக்கையே பாட்டை அகலம். 64 பிட் பாட்டை என்றால் ஒரே நேரத்தில் 64 பிட்டுகள் செல்லக்கூடிய 64 தரவுத் தடங்கள் உள்ளன என்று பொருள்.

அகலம் மட்டும் அறிந்தால் போதாது. ஒவ்வொரு தடத்திலும் வினாடிக்கு எத்தனை பிட்டுகள் செல்கின்றன என்பதும் தெரியவேண்டும். இது நினைவகத்தின் வகையைப் பொறுத்தது. அகலமும் தடவேகமும் சேர்ந்தே, வினாடிக்கு எத்தனை ஜிகாபைட் தரவு கடக்கும் என்பதை முடிவு செய்கின்றன. "பேண்ட்விட்த்" என வழங்கும் இவ்வளவை இக்கட்டுரை கடத்துவீதம் எனக் குறிக்கிறது. எட்டு பிட்டுகள் ஒரு பைட் ஆதலின் அதன் வாய்பாடு பின்வருமாறு அமையும்:

கடத்துவீதம் (ஜிகாபைட்/வினாடி) = பாட்டை அகலம் (பிட்) × ஒரு தடத்தின் வேகம் (ஜிகாபிட்/வினாடி) ÷ 8

இவ்வாய்பாட்டில் நினைவக அளவு இடம்பெறவே இல்லை என்பது கருதத்தக்கது. சிப்காட் வளாகத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றை இதற்கு ஒப்பிடலாம். கிடங்கின் பரப்பு எவ்வளவு சரக்கு அடங்கும் என்பதைச் சொல்லும். ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகளில் சரக்கை ஏற்றி அனுப்பலாம் என்பதை அதன் வாயில்களின் எண்ணிக்கையும் ஒவ்வொரு வாயிலிலும் வேலை நடக்கும் விரைவுமே சொல்லும். பரப்பை இரட்டித்தால் வாயில்கள் இரட்டிப்பதில்லை. ஆனால் கிடங்குச் சரக்கு ஒருமுறை வெளியேறினால் போய்விடும். அட்டையின் நினைவகத்திலோ அதே தரவு ஒரு வினாடியில் பல பத்து முறை மீண்டும் மீண்டும் படிக்கப்படும். எனவே வாயிலின் நெருக்கடி கிடங்கில் உள்ளதைவிட இங்கே மிகுதியாக உணரப்படும்.

அளவு ஒன்று, வீதம் வேறு: ஜிடி 1030

கருதுகோளைச் சோதிக்க வேண்டுமாயின், நினைவக அளவு மாறாமல் கடத்துவீதம் மட்டும் மாறிய இரு அட்டைகள் வேண்டும். என்விடியா நிறுவனமே அத்தகைய இணையைச் சந்தைக்குத் தந்துள்ளது. ஜீஃபோர்ஸ் ஜிடி 1030 என்னும் எளிய அட்டை 2017ஆம் ஆண்டு ஜிடிடிஆர்5 வகை நினைவகத்துடன் வெளிவந்தது. 2018ஆம் ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 வகை நினைவகம் கொண்ட மற்றொரு வடிவம் வந்தது. இரண்டிலும் நினைவகம் 2 ஜிகாபைட். இரண்டிலும் பாட்டை அகலம் 64 பிட். இரண்டிலும் கணக்கீட்டுக் கருவகங்கள் 384.

வேறுபாடு தடத்தின் வேகத்தில் இருக்கிறது. ஜிடிடிஆர்5 வடிவத்தில் ஒவ்வொரு தடமும் வினாடிக்கு 6 ஜிகாபிட் கடத்துகிறது. 64ஐ 6ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க, வினாடிக்கு 48 ஜிகாபைட் கிடைக்கிறது. டிடிஆர்4 வடிவத்தில் தடத்தின் வேகம் 2.1 ஜிகாபிட்; கடத்துவீதம் 16.8 ஜிகாபைட். அதாவது முன்னதன் கடத்துவீதத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சிய அளவுதான் பின்னதற்கு உண்டு. செயலியின் உச்சத் துடிப்பும் 1468 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1379 மெகாஹெர்ட்ஸாகக் குறைக்கப்பட்டது. எனினும் இக்குறைவு 6 விழுக்காடுதான். 2018இல் இவ்விரு வடிவங்களையும் ஒப்பிட்ட திறனாய்வாளர்கள், சில விளையாட்டுகளில் டிடிஆர்4 வடிவம் வரைந்த சட்டகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைக் கண்டனர். 6 விழுக்காட்டுத் துடிப்புக் குறைவு இவ்வளவு பெரிய வீழ்ச்சியை விளைவித்திருக்க இயலாது. எனவே காரணம் கடத்துவீதமே.

பாட்டை அகலமும் தனித்து எதையும் முடிவு செய்வதில்லை என்பதும் இதிலிருந்து புலனாகிறது. இரு வடிவங்களும் 64 பிட் அகலமுடையவையே. அளவைக் கைவிட்டு அகலத்தைப் பற்றிக்கொள்வதும் ஓரெண் நம்பிக்கையாகவே முடியும். அகலத்தையும் தடவேகத்தையும் பெருக்கி வரும் எண்ணே பயனுடையது.

ஒரு வரைவுக்கூடக் கணக்கு

விளையாட்டுக்குப் பொருந்தியது அச்சு வரைவுக்குப் பொருந்துமா என்ற வினா எழுவது இயல்பு. இதற்கு ஒரு மாதிரிக் கணக்கு உதவும். ஒசூரில் உள்ள ஒரு சிறு அச்சு வரைவுக்கூடம், 50 இலட்சம் முக்கோணங்களாகத் திரையில் விரியும் ஒரு தொகுப்பு வரைவைச் சுழற்றிப் பார்க்கிறது எனக் கொள்வோம். திரை 1920 × 1080 புள்ளிகள் கொண்டது. விளிம்புகள் படிக்கட்டுபோல் தோன்றாதிருக்க, ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. வினாடிக்கு 60 சட்டகங்கள் வந்தால் சுழற்சி சீராக அமையும்.

முதலில் வடிவத் தரவைக் காண்போம். அடர்ந்த முக்கோண வலையில் முனைகளின் எண்ணிக்கை முக்கோணங்களில் ஏறத்தாழ பாதியாக இருக்கும். அதாவது 25 இலட்சம். ஒவ்வொரு முனைக்கும் இருப்பிடத்திற்கு 12 பைட்டும் மேற்பரப்பின் திசைக்கு 12 பைட்டும் தேவை. மொத்தம் 60 மெகாபைட். எந்த மூன்று முனைகள் ஒரு முக்கோணம் ஆகின்றன என்ற பட்டியலுக்கு, முக்கோணத்திற்கு 12 பைட் வீதம் மேலும் 60 மெகாபைட். ஆக, ஒரு சட்டகத்திற்குப் படிக்கவேண்டிய வடிவத் தரவு 120 மெகாபைட்.

அடுத்து, புள்ளிகளின் தரவு. 1920ஐ 1080ஆல் பெருக்கி, நான்கு மாதிரிகளுக்காக மீண்டும் நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ 83 இலட்சம் மாதிரிகள் வரும். ஒரு பரப்பு வரையப்படும் ஒவ்வொரு முறையும், மாதிரியின் ஆழத்தைப் படிக்க 4 பைட், புதிய ஆழத்தை எழுத 4 பைட், நிறத்தை எழுத 4 பைட் என 12 பைட் பாட்டையைக் கடக்கிறது. தொகுப்பு வரைவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பரப்புகள் மறைந்திருப்பதால், ஒவ்வொரு மாதிரியும் சராசரியாக மூன்று முறை வரையப்படுகிறது எனக் கொண்டால், ஒரு சட்டகத்திற்கு ஏறத்தாழ 299 மெகாபைட் ஆகும்.

இரண்டையும் கூட்டினால் ஒரு சட்டகத்திற்கு 419 மெகாபைட். வினாடிக்கு 60 சட்டகங்களுக்கு ஏறத்தாழ 25 ஜிகாபைட். 48 ஜிகாபைட் கடத்தும் அட்டை இதனை எளிதில் தாங்கும். 16.8 ஜிகாபைட் மட்டுமே கடத்தும் அட்டையோ, பிற தடைகள் எவையும் இல்லையெனினும் வினாடிக்கு 40 சட்டகங்களைத் தாண்ட இயலாது. நடைமுறையில் எந்தப் பாட்டையும் தன் உச்சவீதத்தை முழுமையாக எட்டுவதில்லை. மறுபுறம், செயலிகள் நிறத்தையும் ஆழத்தையும் சுருக்கி எழுதிப் போக்குவரத்தைக் குறைக்கவும் செய்கின்றன. எனவே இவ்வெண்களைத் துல்லியமான முன்கணிப்பாகக் கொள்ளாமல், இரு அட்டைகளுக்கும் இடையிலான விகிதத்தைக் காட்டும் அளவாகவே கொள்ளவேண்டும்.

இக்கணக்கில் நினைவகத்தில் தங்கியிருக்கும் தரவு எவ்வளவு? வடிவத்திற்கு 120 மெகாபைட். 83 இலட்சம் மாதிரிகளின் நிறத்திற்கும் ஆழத்திற்கும் 66 மெகாபைட். மொத்தம் 186 மெகாபைட். இது 2 ஜிகாபைட்டில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. இயங்குதளமும் பிற சாளரங்களும் எடுத்துக்கொள்வதைச் சேர்த்தாலும் நினைவகத்தின் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும். நினைவகம் காலியாக இருக்கும்போதே திரை தடுமாறுகிறது. இக்கூடம் 4 ஜிகாபைட் நினைவகத்துடன், ஆனால் அதே 16.8 ஜிகாபைட் வீதத்துடன் வேறோர் அட்டையை வாங்கினால், காலியிடம் பெருகுமேயன்றித் தடுமாற்றம் குறையாது.

இந்நிலை வெறும் கற்பனையும் அன்று. ஜிடி 730 என்னும் பழைய அட்டையின் 64 பிட் டிடிஆர்3 வடிவத்திற்கு என்விடியா தரும் கடத்துவீதம் வினாடிக்கு 14.4 ஜிகாபைட். அட்டை தயாரிப்பாளர்கள் அதனை 4 ஜிகாபைட் நினைவகத்துடனும் விற்றனர். விலைப்புள்ளியில் "4 ஜிபி" என எழுதப்பட்ட இவ்வட்டை, "2 ஜிபி" என எழுதப்பட்ட ஜிடிடிஆர்5 வகை ஜிடி 1030ஐவிடக் கடத்துவீதத்தில் மூன்றில் ஒரு பங்கினும் குறைந்தது.

வீதம் ஒன்று, அளவு வேறு: 4060 டிஐ

இதுவரை கண்டவற்றிலிருந்து நினைவக அளவு பொருட்டன்று என முடிவு செய்தால் அது பிழையாகும். கருதுகோளின் மறுபக்கத்தைச் சோதிக்க, கடத்துவீதம் மாறாமல் அளவு மட்டும் மாறிய இணை வேண்டும். ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ அட்டை 2023ஆம் ஆண்டு மே மாதம் 8 ஜிகாபைட் நினைவகத்துடனும், அதே ஆண்டு ஜூலையில் 16 ஜிகாபைட் நினைவகத்துடனும் வந்தது. இரண்டிலும் செயலி ஒன்றே. பாட்டை அகலம் 128 பிட். தடவேகம் 18 ஜிகாபிட். கடத்துவீதம் வினாடிக்கு 288 ஜிகாபைட். அமெரிக்க அறிமுக விலை முறையே 399 டாலரும் 499 டாலரும். கூடுதலாகத் தந்த 100 டாலருக்குக் கிடைத்தது நினைவக அளவு மட்டுமே.

தரவு 8 ஜிகாபைட்டுக்குள் அடங்கிய பணிகளில் இவ்விரு அட்டைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இயங்கின. தரவு அவ்வரம்பைத் தாண்டியபோதோ நிலை தலைகீழாயிற்று. காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு வரைவுக்கூடம் தன் அச்சின் ஒளிப்படத் தோற்றத்தை உருவாக்க 10 ஜிகாபைட் தரவை ஒருமுறை முழுதும் படிக்க வேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். 16 ஜிகாபைட் அட்டையில் இது வினாடிக்கு 288 ஜிகாபைட் வீதம் 35 மில்லிவினாடியில் முடியும். 8 ஜிகாபைட் அட்டையில் 8 ஜிகாபைட்டை அட்டையின் நினைவகத்திலிருந்து படிக்க 28 மில்லிவினாடி ஆகும். எஞ்சிய 2 ஜிகாபைட் கணினியின் முதன்மை நினைவகத்தில் தங்கியிருக்கும். அதனைப் பிசிஐஇ இணைப்பின் வழியே கொண்டுவரவேண்டும்.

4060 டிஐ அட்டை அவ்விணைப்பின் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. சிறு கூடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாம் தலைமுறைப் பிசிஐஇ கொண்ட தாய்ப்பலகையில் அதன் வீதம் வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட். ஆகவே அந்த 2 ஜிகாபைட்டுக்கு மட்டும் 250 மில்லிவினாடி தேவைப்படும். ஐந்தில் ஒரு பங்கு தரவு வெளியே நின்றதால் முழு வேலையும் ஏழெட்டு மடங்கு தாமதமாகிறது. நான்காம் தலைமுறைப் பலகையில் இணைப்பின் வீதம் இரட்டிப்பதால் தாமதம் நான்கு மடங்கு அளவுக்குக் குறையும். அப்போதும் அது புறக்கணிக்கத்தக்கது அன்று.

இரு சோதனைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது நினைவக அளவின் இயல்பு தெளிவாகிறது. தரவு அடங்கும்வரை அது வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. அடங்காத கணத்திலிருந்து பிற அனைத்தையும் விஞ்சி அதுவே தீர்மானிக்கிறது.

சில்லுகளின் கணக்கு

நினைவக அளவு அட்டையின் தரத்தைக் காட்டுவதுபோலத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே தலைமுறையில் விலை உயர உயர அளவும் பெரும்பாலும் உயர்கிறது. ஆனால் அந்த உயர்வு செயலியின் வலிமையிலிருந்து நேராக வருவதில்லை. சில்லுகளின் கணக்கிலிருந்தும் வருகிறது. ஜிடிடிஆர்6 நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் 32 தடங்களை உடையது. எனவே பாட்டை அகலத்தை 32ஆல் வகுத்தால் சில்லுகளின் எண்ணிக்கை கிடைக்கும். 192 பிட் பாட்டைக்கு ஆறு சில்லுகள். 256 பிட் பாட்டைக்கு எட்டு.

2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070 அட்டை 256 பிட் பாட்டையுடன், ஒரு ஜிகாபைட் சில்லுகள் எட்டினைக் கொண்டு 8 ஜிகாபைட் நினைவகம் பெற்றது. 2021இல் வந்த, அதனினும் எளிய ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையின் பாட்டை 192 பிட். ஆறு சில்லுகளில் ஒரு ஜிகாபைட் சில்லைப் பொருத்தினால் 6 ஜிகாபைட். இரண்டு ஜிகாபைட் சில்லைப் பொருத்தினால் 12 ஜிகாபைட். இடையில் 8 என்ற எண்ணுக்கு அப்பாட்டையில் இடமில்லை. 12 தேர்ந்தெடுக்கப்பட்டதால் எளிய அட்டை வலிய அட்டையைவிட மிகுதியான நினைவகம் பெற்றது. கடத்துவீதத்திலோ 3070 வினாடிக்கு 448 ஜிகாபைட்டுடனும் 3060 வினாடிக்கு 360 ஜிகாபைட்டுடனும் நின்றன. கணக்கீட்டுக் கருவகங்களும் முறையே 5888, 3584. அளவை மட்டும் பார்த்து வாங்குபவர் இவ்விடத்தில் தலைகீழான முடிவுக்கே வருவார்.

4060 டிஐயின் 16 ஜிகாபைட் வடிவமும் இக்கணக்குக்கு உட்பட்டதே. 128 பிட் பாட்டையில் நான்கு சில்லுகளுக்கே இடமுண்டு. ஆகவே பலகையின் இருபுறமும் நான்கு நான்காக எட்டுச் சில்லுகள் பொருத்தப்பட்டு, ஒவ்வொரு சில்லும் 16 தடங்கள் வழியாக மட்டும் இணைக்கப்பட்டது. கிடங்கு இரட்டித்தது, வாயில்கள் அவ்வளவே இருந்தன.

கடத்துவீதத்திற்கும் ஓர் எல்லை

நினைவக அளவின் இடத்தில் கடத்துவீதத்தை அமர்த்தி, அதனையே ஒற்றை அளவுகோலாக்குவதும் சரியன்று. 4060 டிஐக்கு முந்தைய 3060 டிஐ அட்டையின் பாட்டை 256 பிட். கடத்துவீதம் வினாடிக்கு 448 ஜிகாபைட். பின்வந்த அட்டையின் 288 ஜிகாபைட் அதைவிட மிகக் குறைவு. ஆயினும் 1920 × 1080 திரையில் பின்வந்த அட்டையே சராசரியாகச் சற்று விரைவாக இயங்கியது. செயலிக்குள்ளேயே இருக்கும் பதுக்கு நினைவகம், அதாவது "கேஷ்", 4 மெகாபைட்டிலிருந்து 32 மெகாபைட்டாக உயர்ந்ததே இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. அடிக்கடி வேண்டப்படும் தரவு உள்ளேயே கிடைத்தால் பாட்டையைக் கடக்கவேண்டிய தேவை குறைகிறது.

இந்த உதவிக்கும் வரம்பு உண்டு. திரையின் புள்ளிகள் நான்கு மடங்காகும் 4கே திரையில், ஒரு சட்டகத்திற்கு வேண்டிய தரவு பதுக்கு நினைவகத்தில் அடங்காது. அங்கே பின்வந்த அட்டையின் முன்னிலை சுருங்கியது. எனவே கடத்துவீதத்தைக் கொண்டு ஒப்பிடுவது, ஒரே தலைமுறையைச் சேர்ந்த, ஒரே வகைச் செயலி கொண்ட அட்டைகளுக்கிடையே நம்பத்தக்கது; தலைமுறை மாறினால் அவ்வளவு நம்பத்தக்கது அன்று.

வரைவுக்கூடத்தில் கண்டறியும் முறை

திரை தடுமாறும்போது குறை எங்கே இருக்கிறது என்பதை ஏற்கெனவே உள்ள கணினியிலேயே கண்டறியலாம். முதலில், தாமதம் எப்போது நேர்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஓர் அளவை மாற்றியதும் வரைவு மீண்டும் உருவாகத் தாமதமானால், அது பெரும்பாலும் கணினியின் மையச்செயலி செய்யும் வேலை. எந்த வரைகலை அட்டையும் அதனைப் பெரிதாக விரைவாக்காது. வரைவு மாறாமல் அதனைச் சுழற்றும்போது மட்டும் தடுமாறினால், அட்டையை ஐயுறுவதற்கு இடமுண்டு.

அட்டை எத்தகையது என்பதை GPU-Z என்னும் இலவச மென்பொருள் காட்டும். அதில் `Memory Type`, `Bus Width`, `Bandwidth` ஆகிய மூன்று புலங்களையே நோக்கவேண்டும். நினைவகத் துடிப்பாகக் காட்டப்படும் மெகாஹெர்ட்ஸ் எண்ணை வகை அறியாமல் ஒப்பிடக்கூடாது. ஜிடி 1030இன் ஜிடிடிஆர்5 வடிவம் ஏறத்தாழ 1500 என்றும், டிடிஆர்4 வடிவம் ஏறத்தாழ 1050 என்றும் காட்டும். வேறுபாடு சிறிது எனத் தோன்றும். உண்மையில் முன்னதை நான்காலும் பின்னதை இரண்டாலும் பெருக்கினால்தான் தடத்தின் வேகம் வரும். `Bandwidth` புலம் இப்பெருக்கலைச் செய்தே காட்டுவதால் அதுவே பாதுகாப்பானது.

பிறகு, வரைவைச் சுழற்றிக்கொண்டே விண்டோஸின் பணி மேலாளரில் `Dedicated GPU memory`, `Shared GPU memory` ஆகிய இரு எண்களைக் காணவேண்டும். முன்னது அட்டையின் முழு அளவைத் தொட்டு நின்று, பின்னது ஏறிக்கொண்டே போனால், தரவு அடங்கவில்லை. நினைவக அளவே குறை. முன்னது பாதியிலேயே நிற்கும்போது திரை தடுமாறினால், அளவைக் கூட்டுவதால் பயனில்லை. என்விடியா அட்டைகளில் பின்வரும் கட்டளையும் உதவும்:

```
nvidia-smi --query-gpu=utilization.memory,memory.used,memory.total --format=csv -l 1
```

இதில் `utilization.memory` என்பது நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதைக் குறிப்பதன்று. எவ்வளவு நேரம் நினைவகம் படிக்கப்பட்டோ எழுதப்பட்டோ வந்தது என்பதைக் குறிப்பது. நிரம்பிய அளவை `memory.used` காட்டும். முதல் எண் உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் இருப்பின் பாட்டை ஓயாது இயங்குகிறது என ஐயுறலாம். சில எளிய அட்டைகளில் முதல் எண் வராமலும் போகலாம்.

ஐயத்தை உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. வரைவு மென்பொருளின் அமைப்பில் விளிம்பு மென்மையாக்கலை நிறுத்திவிட்டு, அல்லது வரைவுச் சாளரத்தைக் கால்பங்காகச் சுருக்கி, மீண்டும் சுழற்றிப் பார்க்கவேண்டும். மேற்கண்ட மாதிரிக் கணக்கில் புள்ளித் தரவே வடிவத் தரவைவிட இரண்டரை மடங்கு மிகுதி என்பதை நினைவுகொள்க. அப்போது சுழற்சி வெகுவாகச் சீரானால், புள்ளிகளின் சுமையே தடையாக இருந்தது எனலாம். நினைவகத்தின் துடிப்பை மட்டும் பத்து விழுக்காடு குறைத்தபோது சட்டகங்களும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தால், தடை பாட்டையில்தான் என்பது உறுதியாகும்.

முடிவுரை

நினைவக அளவு ஒன்றைக் கொண்டே வரைகலை அட்டையின் வேகத்தை முன்னுரைக்கலாம் என்ற கருதுகோள் ஏற்கத்தக்கதன்று. ஜிடி 1030இன் இரு வடிவங்கள், அளவு மாறாமலே வேகம் வெகுவாக மாறக்கூடும் என்பதைக் காட்டின. 4060 டிஐயின் இரு வடிவங்கள், தரவு அடங்கும்வரை அளவு இரட்டித்தும் வேகம் மாறாது என்பதையும், அடங்காதபோது அளவே முதன்மை பெறும் என்பதையும் காட்டின. ஆகவே வாங்குவோர் எழுப்பவேண்டிய வினாக்கள் வரிசை முறையில் இரண்டு: என் வரைவின் தரவு இதில் அடங்குமா? அடங்கினால், எவ்வளவு விரைவாக அது செயலியை அடையும்?

முதல் வினாவுக்கான விடையை, கூடத்தின் மிகப் பெரிய வரைவைத் திறந்து பணி மேலாளரைக் கண்டு பெறலாம். இரண்டாவதற்கான விடையை விற்பவரிடமே எழுத்தில் பெறவேண்டும். ஒசூரிலோ பெங்களூரிலோ விலைப்புள்ளி கேட்கும் சிறு தொழிற்கூடம், "2 ஜிபி வரைகலை அட்டை" என்பதோடு நில்லாமல், நினைவக வகை, பாட்டை அகலம், வினாடிக்கு எத்தனை ஜிகாபைட் கடத்துவீதம் ஆகிய மூன்றையும் கொள்முதல் ஆணையில் குறிப்பிடுவது நன்று. பெயரும் அளவும் மட்டும் எழுதிய ஆணைக்கு 48 ஜிகாபைட் வீதமுள்ள ஜிடி 1030 வந்தாலும், 16.8 ஜிகாபைட் வீதமுள்ள ஜிடி 1030 வந்தாலும், இரண்டும் ஆணைப்படி சரியான சரக்கே ஆகும். அம்மூன்றும் எழுதப்பட்டிருந்தால், தவறி வந்த அட்டையைத் திருப்பி அனுப்ப அந்த ஆணையே சான்றாக நிற்கும்.